அப்பாவின் நோட்டில் அடித்தல் திருத்தல்: போட்டோவைப் பார்த்துப் பட்டியல் போடுவது எப்படி?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா 1983-ல் எழுதி வைத்துவிட்டுப் போன நாவல் ஒன்று கோடு போட்ட நோட்டில் கையெழுத்தாக இருக்கிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய கதை. நோட்டு இப்போது லாஸ்பேட்டையில் அண்ணன் வீட்டில். அண்ணன் போனில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

புத்தகமாகப் போட ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் கேட்பது வெறும் கதை அல்ல. அப்பா எங்கெங்கே அடித்தார், என்ன மாற்றி எழுதினார் என்று ஒவ்வொன்றையும் "முதலில் இருந்தது, பிறகு ஆனது" என இரண்டு கட்டமாகப் பட்டியல் போட்டுத் தரச் சொல்கிறார். பத்துப் பக்கம் முடித்துவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்தால் எனக்கே புரியவில்லை. 47-ஆம் பக்கம் ஆறாவது வரியைக் கீழே தருகிறேன்.

நீல மையில் முதலில் எழுதியது: "மாசிலாமணி கட்டுமரத்தைப் பார்த்துக்கொண்டே கரையில் நின்றுகொண்டிருந்தான்."

இதில் "பார்த்துக்கொண்டே" நீலத்தில் அடிக்கப்பட்டு மேலே "நோக்கியபடி" என்று நீலத்தில் இருக்கிறது. அந்த "நோக்கியபடி" மேல் சிவப்புக் கோடு. அடிபட்ட "பார்த்துக்கொண்டே"க்குக் கீழே சிவப்பில் வரிசையாகப் புள்ளிகள். கடைசிச் சொல்லில் "று" முதல் "தா" வரை நீலத்தில் அடித்து, மேலே "ற" போல ஏதோ ஒன்று சுழித்து எழுதியிருக்கிறார்.

நான் போட்டது இது:

பார்த்துக்கொண்டே → (அடித்தது)
(சேர்த்தது) → நோக்கியபடி
நோக்கியபடி → (அடித்தது)
றுகொண்டிருந்தா → ற

இப்படித்தான் போட வேண்டுமா?

தேங்காய்த்திட்டு தினேஷ் எழுதியது:

அக்கா, இதுக்கா இவ்வளவு கஷ்டப்படுறீங்க? வேர்டுல ரிவ்யூ போய், எல்லா மாற்றத்தையும் ஏத்துக்கோன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா கோடெல்லாம் போயிடும், சுத்தமா வந்துடும்.

கெடிலக்கரை எழுதியது:

தம்பி, இது பேனாவில் எழுதிய நோட்டின் போட்டோ. வேர்டு கோப்பு இல்லை. கோடு போக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, கோடுகளைத்தான் பட்டியல் போடுகிறேன். (கடைசி அத்தியாயம் மட்டும் மருமகன் டைப் அடித்துச் சித்தப்பா கணினியில் திருத்திய பிரிண்ட். அதுவும் போட்டோவாகத்தான் கிடைத்தது. அதைப் பிறகு கேட்கிறேன்.)

வில்லியனூர் வாசு எழுதியது:

நான் பதினைந்து வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். குறுக்கு வழி சொல்கிறேன். எந்தத் திருத்தமும் இல்லாமல் முதலில் எழுதியதை மட்டும் ஒரு கோப்பில் டைப் அடியுங்கள். எல்லாத் திருத்தமும் போட்ட கடைசி வடிவத்தை இன்னொரு கோப்பில் அடியுங்கள். வேர்டில் இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் மாற்றப் பட்டியலை அதுவே கொடுத்துவிடும். கண்ணால் தேடவே வேண்டாம்.

பழந்தாள் எழுதியது:

வாசு சொல்வதை இந்த ஒரே வரியில் வைத்துப் பாருங்கள். முதல் வடிவம் "பார்த்துக்கொண்டே". கடைசி வடிவமும் "பார்த்துக்கொண்டே"தான். அடிபட்ட சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் "அடித்தது தப்பு, இருக்கட்டும்" என்று பொருள், அச்சுக்கூடத்தில் பழகிய குறி அது. இரண்டையும் ஒப்பிட்டால் கணினி "இங்கே எதுவும் நடக்கவில்லை" என்று சொல்லும். ஆனால் ஒருவர் ஒரு சொல்லை எடுத்து, வேறொன்று வைத்து, அதையும் எடுத்து, பழையதையே திரும்ப வைத்திருக்கிறார். பட்டியல் கேட்டவருக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா, உங்கள் பட்டியலில் உள்ள கோளாறு வேறு. நீங்கள் குறிகளை எண்ணியிருக்கிறீர்கள். ஒரு கோடு ஒரு வரிசை, ஒரு மேலெழுத்து ஒரு வரிசை. எழுதியவர் செய்தது அப்படி இல்லை. அடித்ததும் மேலே எழுதியதும் சேர்ந்து ஒரே செயல், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல். எனவே அது ஒரே வரிசை. நான் இப்படிப் போடுவேன்:

ப.47 வ.6, நீலம். முதலில்: பார்த்துக்கொண்டே. பிறகு: நோக்கியபடி.
ப.47 வ.6, நீலம். முதலில்: நின்றுகொண்டிருந்தான். பிறகு: நின்றான்.
ப.47 வ.6, சிவப்பு. முதலில்: நோக்கியபடி. பிறகு: பார்த்துக்கொண்டே (புள்ளியிட்டு மீட்டது).

மூன்றாவது வரிசையில் "முதலில்" என்ற கட்டத்தைக் கவனியுங்கள். அங்கே இருப்பது நோட்டில் முதன்முதலாக எழுதிய சொல் அல்ல. அந்தச் சிவப்புக் கை வருவதற்குச் சற்று முன் தாளில் செல்லுபடியாக இருந்த சொல். ஒரே இடத்தில் இரண்டு கை பட்டால் முதல் வரிசையின் "பிறகு", அடுத்த வரிசையின் "முதலில்" ஆகும், சங்கிலி மாதிரி. இதைப் பிடித்துக்கொண்டால் மூன்று கை, நான்கு கை வந்தாலும் குழப்பம் வராது.

கடைசிச் சொல்லில் நீங்கள் எழுத்துத் துண்டை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். "றுகொண்டிருந்தா" என்பதைப் படிப்பவர் என்ன செய்வார்? தமிழில் ஒரு சொல்லின் நடுவயிற்றை அடித்து மேலே ஓரெழுத்து வைப்பது சாதாரணம். பட்டியலில் முழுச் சொல்லையும் எழுதுங்கள். எந்த எழுத்து முதல் எந்த எழுத்து வரை கோடு போகிறது என்பதைக் குறிப்புக் கட்டத்தில் வையுங்கள். அந்தச் சுழி "ற" அல்ல, பழைய "றா". 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் வரை ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தின் அடியிலேயே சுழித்துவிடுவார்கள். உங்கள் அப்பா பள்ளியில் கற்ற கை அது, 83-லும் அப்படியே வந்திருக்கிறது. நீங்கள் போட்டபடி போனால் "நின்றன்" என்று ஒரு சொல் அச்சாகும்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயோ, "நின்றன்" என்றுதான் டைப் அடித்து வைத்திருக்கிறேன். அப்பா அவசரத்தில் கால் போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இப்போது நோட்டு முழுக்க இதே சுழி தெரிகிறது. யானைத் துதிக்கை மாதிரி வரும் "லை" மட்டும் தெரியும், பாட்டியின் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். "றா" தெரியாது.

ஒன்று கேட்கிறேன். சில இடத்தில் துதிக்கை "லை" மேல் அப்பாவே புதிய "லை"யாக அழுத்தி எழுதியிருக்கிறார். அதுவும் திருத்தமா?

பழந்தாள் எழுதியது:

சொல் மாறவில்லை. இந்தப் பட்டியலில் வேண்டாம். அப்படிச் செய்திருக்கிறார் என்று முன்குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும். இல்லாவிட்டால் சொல் மாற்றங்கள் இந்த "லை"களுக்குள் புதைந்துபோகும்.

செல்லம்மா டீச்சர் எழுதியது:

திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். "கட்டுமரத்தைப்" என்பதில் உள்ள ஒற்றை யாரும் கவனிக்கவில்லையே? இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் வந்தால் மிகும். "பார்த்துக்கொண்டே" இருந்தபோது "ப்" சரி. "நோக்கியபடி" வந்ததும் "கட்டுமரத்தை நோக்கியபடி" என்று ஆக வேண்டும், ஒற்று போக வேண்டும். நோட்டில் அந்த "ப்" அடிபட்டிருக்கிறதா?

கெடிலக்கரை எழுதியது:

இல்லை டீச்சர், அடிபடவில்லை. ஆனால் நீலத் திருத்தம் போட்ட வடிவத்தை டைப் அடிக்கும்போது நானே "ப்"பை எடுத்துவிட்டேன். பிழையாக இருக்கக்கூடாது என்று. அதன்மேல்தான் சிவப்புத் திருத்தத்தையும் போட்டேன். அதாவது இப்போது என் கோப்பில் "கட்டுமரத்தை பார்த்துக்கொண்டே" என்று இருக்கிறது. அப்பா செய்யாத பிழையை நான் செய்துவைத்திருக்கிறேன்.

பழந்தாள் எழுதியது:

டீச்சர் தொட்ட இடம்தான் தமிழ்க் கையெழுத்துப் படிகளில் அதிகம் வழுக்கும் இடம். சொல்லை மாற்றுகிறவர் அதற்கு முந்தைய சொல்லின் ஒற்றை மாற்ற மறப்பார். பட்டியல் போடுகிறவர் கை சும்மா இராமல் அதைத் திருத்துவார். அதன்பின் தாளில் நடந்தது எது, நாம் செய்தது எது என்று பிரிக்கவே முடியாது.

நான் செய்வது இது: தாளில் குறி இல்லாத எதுவும் பட்டியலில் வரிசையாக வராது. "நோக்கியபடி" வரிசையின் குறிப்புக் கட்டத்தில் "முன்சொல்லின் ப் அடிபடவில்லை" என்று மட்டும் எழுதுவேன். பதிப்புக்காக ஒற்றைச் சரி செய்ய வேண்டிய இடங்கள் இருந்தால் அவற்றுக்குத் தனித்தாள், அதில் கை என்ற கட்டத்தில் உங்கள் பெயர். இந்த வரியில் அதற்கும் வேலை இல்லை. சிவப்புக் கை பழைய சொல்லை மீட்டதும் "ப்" தானாகவே சரியாகிவிட்டது.

செல்லம்மா டீச்சர் எழுதியது:

எனக்கு உடன்பாடு இல்லை. ஒற்றுப்பிழையைப் பார்த்துக்கொண்டே அப்படியே எழுது என்பது என் கைக்கு வராது. படிப்பவர் அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைப்பார்கள்.

முத்தியால்பேட்டை முருகு எழுதியது:

டீச்சர், அதற்குத்தானே குறிப்புக் கட்டம். "மூலத்தில் இப்படி" என்று இரண்டே சொல் எழுதினால் பழி அந்த அக்கா மேல் வராது.

நூலக வேலையில் இருப்பதால் சொல்கிறேன். இதற்கென்று டி.இ.ஐ. என்று ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. புள்ளி வைத்து மீட்டதற்குக்கூட அதில் தனிக் குறி உண்டு:

```
<restore><del>பார்த்துக்கொண்டே</del></restore>
<del><add place="above">நோக்கியபடி</add></del>
```

இப்படி அடித்து வைத்தால் முதல் வடிவம், கடைசி வடிவம், பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பிலிருந்து எடுக்கலாம்.

கெடிலக்கரை எழுதியது:

நன்றி தம்பி. பார்க்கவே பயமாக இருக்கிறது. எக்செல் போதும் எனக்கு.

தேங்காய்த்திட்டு தினேஷ் எழுதியது:

கேள்வியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா எனக்கும் ஒரு அடித்தல் திருத்தல் பிரச்சனை இருக்கு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். கையால எழுதினது. நடுவுல ரெண்டு எடத்துல அடிச்சு மேல எழுதியிருக்காங்க. பேங்க்ல "இது செல்லுமா"ன்னு கேக்குறாங்க. கடைசிப் பக்கத்துல "இரண்டாம் பக்கம் 3-வது வரியில் கிழக்கு என்பதை அடித்து மேற்கு என எழுதியது" அப்படின்னு ஒரு வரி இருக்கு, கீழ எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இது போதுமா?

பழந்தாள் எழுதியது:

செல்லுமா என்பதை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள் தம்பி. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். வரிகளுக்கிடையே எழுதியது, அழித்தது, மாற்றியது இருந்தால் எழுதிக்கொடுப்பவர்கள் அங்கே கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவாளர் பதிய மறுக்கலாம்.

ஆனால் அந்தக் கடைசி வரியைக் கெடிலக்கரை அம்மா பார்க்க வேண்டும். பக்கம், வரி, அடித்த சொல், எழுதிய சொல், யார் கை. பத்திர எழுத்தர்கள் காலகாலமாகச் செய்துவரும் பட்டியல் அது. நாம் இங்கே நாலு நாளாகத் தேடுவது தினேஷ் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது.

கெடிலக்கரை எழுதியது:

இரண்டு நாளாக உட்கார்ந்து பத்துப் பக்கத்தையும் புதிதாகப் போட்டேன். இப்போது படித்தால் புரிகிறது. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, 49-ஆம் பக்கம். சிவப்புப் பேனாவால் ஒரு சொல்லைக் கோடு போடாமல் சுருள் சுருளாகக் கிறுக்கி மூடியிருக்கிறார். அடியில் நீலம் இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை.

இரண்டு, 48-ஆம் பக்கம். "பரங்கிப்பேட்டை" என்ற சொல் மேல் ஒரு மங்கலான கோடு. அடித்தது என்று பட்டியலில் போட்டுவிட்டேன். ஆனால் ஊர்ப் பெயரை எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை.

மூன்று, 51-ஆம் பக்கம். ஓரத்தில் செங்குத்தாக ஒரு சேர்ப்பு. "உப்புக்காற்று அடித்" என்று வந்து போட்டோ முடிந்துவிடுகிறது. "அடித்தது" என்று நிரப்பிக்கொண்டேன்.

முத்தியால்பேட்டை முருகு எழுதியது:

முதலாவதற்கு வழி இருக்கிறது. ஒரு நிறப் போட்டோவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும். சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அந்த அடுக்கில் தாளோடு தாளாக வெளுத்துவிடும். நீல மை சிவப்பு ஒளியை விழுங்குவதால் கறுப்பாக நிற்கும். கணினியில் இமேஜ்மேஜிக் என்ற பட நிரல் இருந்தால் ஒரே வரி:

```
magick pakkam49.jpg -channel R -separate pakkam49_R.png
```

இரண்டாவதற்கு, 48-இன் மறுபக்கப் போட்டோவை இடவலமாகத் திருப்பி இதோடு வைத்துப் பாருங்கள். மறுபக்க மை ஊறி இந்தப் பக்கம் கோடாகத் தெரியலாம்.

```
magick pakkam48_pin.jpg -flop pakkam48_pin_thiruppi.jpg
```

கெடிலக்கரை எழுதியது:

தம்பி, நீ நல்லாயிருக்கணும்! 49-இல் கிறுக்கல் முக்கால்வாசி மறைந்துவிட்டது. அடியில் "சுங்கச்சாவடி" என்று தெளிவாக இருக்கிறது. மேலே எழுதியிருப்பது "உப்பளம்".

48-உம் நீ சொன்னதுதான். பின்பக்கத்தில் அத்தியாயத் தலைப்பு, அதற்கு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு. திருப்பி வைத்தால் சரியாக "பரங்கிப்பேட்டை" மேல் வந்து உட்காருகிறது. அந்த வரிசையை எடுத்துவிட்டேன்.

52-இலும் இதைச் செய்து பார்த்தேன். அங்கே கறுப்புப் பேனாவால் நீலத்தை மூடியிருக்கிறது. எந்த அடுக்கிலும் வரவில்லை.

பழந்தாள் எழுதியது:

வராது. கறுப்பு மை மூன்று அடுக்கிலும் கறுப்புதான். நீல அடுக்கில் பார்த்தால் அடியிலுள்ள நீலம் வெளுத்துக் கோடு மட்டும் நிற்கும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அங்கே எழுத்துகளின் அகலத்தைப் பார்த்து "சுமார் ஐந்து எழுத்து, படிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். கொம்பு, கால் ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறியுங்கள். ஊகத்தை "முதலில்" கட்டத்தில் வைக்காதீர்கள். 51-இல் "அடித்தது" என்று நிரப்பினீர்களே, அதுவும் அதே தவறுதான். தாள் ஓரம் போட்டோவில் இல்லை என்றால் அது போட்டோவின் குறை. அண்ணனிடம் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமென்ட் என்று அனுப்பச் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசு எழுதியது:

நான் சொன்ன ஒப்பிடும் வழியை எல்லோரும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், சங்கிலி அதில் வராது. ஆனால் பத்துப் பக்கத்தில் எதையும் விடவில்லை என்று எப்படித் தெரியும்?

பழந்தாள் எழுதியது:

அங்கேதான் வாசுவின் வழி வேண்டும். முதல் வடிவத்தை எடுத்து, பட்டியலின் வரிசைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். முடிவில் ஒரு வடிவம் கிடைக்கும். பட்டியலைப் பார்க்காமல் வேறொருவர் போட்டோவை மட்டும் பார்த்துக் கடைசி வடிவத்தைத் தனியே டைப் அடிக்கட்டும். இரண்டையும் வேர்டில் ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கும், அல்லது தப்பாக இருக்கும். போய்த் திரும்பி வந்த இடங்களை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. புள்ளியிட்ட இடங்களைக் கண்ணால்தான் எண்ண வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

என் மகளை அடிக்கச் சொன்னேன். ஏழு இடம் வேறுபட்டது. ஐந்து என் தவறு, இரண்டு அவளுடையது. அவளும் "றா"வை "ற" என்றுதான் அடித்தாள்.

இப்போது கடைசி அத்தியாயம். கணினிப் பிரிண்ட். அடித்தது கோடோடும் சேர்த்தது அடிக்கோடோடும் நிறத்தில் வந்திருக்கிறது. சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் ஊதா. சிவப்பு என்றால் சித்தப்பா என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, "வந்தான்" என்பதில் "ன்" மட்டும் கோடு போட்டு "ள்" சேர்ந்திருக்கிறது. ஒரு முழுப் பத்தி பச்சையில் இரட்டைக் கோடு போட்டு அடிபட்டிருக்கிறது.

வில்லியனூர் வாசு எழுதியது:

இது என் ஏரியா. வேர்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம் கொடுக்கும், ஆனால் எந்த ஆளுக்கு எந்த நிறம் என்பது கணினிக்குக் கணினி மாறும். அதே கோப்பை உங்கள் வீட்டில் திறந்தால் சித்தப்பா ஊதாவாக வரலாம். அந்தப் பிரிண்ட்டுக்குள் சிவப்பும் ஊதாவும் வேறு வேறு ஆள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். யார் என்பது ஓரத்துக் குமிழில் பெயர் அச்சாகியிருந்தால்தான் தெரியும்.

"ன்", "ள்" விஷயம் பேனாவுக்குச் சொன்னதேதான். விசை தட்டிய எழுத்தை மட்டும் அது குறிக்கும், நீங்கள் "வந்தான்", "வந்தாள்" என்று முழுசாகப் போடுங்கள். பச்சை இரட்டைக் கோடு அழித்தது இல்லை, இடம் மாற்றியது. பின்னால் எங்காவது அதே பத்தி பச்சை இரட்டை அடிக்கோட்டோடு இருக்கும், தேடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வரிசை, "இன்ன வரியிலிருந்து இன்ன வரிக்கு" என்று.

கெடிலக்கரை எழுதியது:

மூன்று பக்கம் தள்ளி இருந்தது. நன்றி சார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து லாஸ்பேட்டை போய் நோட்டை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். 51-இன் ஓரத்தில் இருப்பது "உப்புக்காற்று அடித்த". கீழே ஒரு கோடு இழுத்து "திண்ணையில்" என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "உப்புக்காற்று அடித்த திண்ணையில் படுத்தான்." நான் அதைத் தனி வாக்கியமாக்கி, முற்றுப்புள்ளியும் வைத்து, அதற்கு முந்தைய வரியில் செருகியிருந்தேன். சொல்லும் தப்பு, இடமும் தப்பு.

52-ஐ ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேனா அழுத்தியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கிறது. முதல் எழுத்து "க", கடைசியில் ஒரு "ம்". நடுவில் தெரியவில்லை. அப்படியே எழுதிவிட்டேன்.

சிவப்பு பற்றி ஒரு சங்கதி. சிவப்பு எப்போதும் நீலத்துக்குப் பிறகுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? போட்டோவில் சிவப்புக் கோடு நீலத்துக்கு அடியில் போவது மாதிரி தெரிகிறது, நேரில் பார்த்தாலும் அப்படித்தான்.

பழந்தாள் எழுதியது:

கண்ணை நம்பாதீர்கள். இரண்டு மை குறுக்கே போனால் எது பிந்தியதாக இருந்தாலும் கருத்த மைதான் மேலே இருப்பதாகத் தோன்றும். நீலம் சிவப்பைவிடக் கருத்தது, அவ்வளவே. வரிசையைச் சொல்லின் தர்க்கத்திலிருந்து எடுங்கள். "நோக்கியபடி" நீலத்தில் எழுதியது, அதைச் சிவப்பு அடித்திருக்கிறது. இல்லாத சொல்லை யாரும் அடிக்க முடியாது. எனவே அந்த இடத்தில் சிவப்பு பிந்தியது, உறுதி. அப்படிச் சாட்சி இல்லாத இடங்களில் நீலம், சிவப்பு என்று மட்டும் எழுதி, முன்பின் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

செல்லம்மா டீச்சர் எழுதியது:

ஒரு சந்தேகம். முதலும் முடிவும் ஒன்றாக இருக்கும் "பார்த்துக்கொண்டே"வைத் திருத்தம் என்று கணக்கில் சேர்ப்பது நியாயமா? நான் சேர்க்க மாட்டேன். மனம் மாறி மனம் திரும்பியதெல்லாம் எழுதியவரின் அந்தரங்கம்.

பழந்தாள் எழுதியது:

நான் சேர்ப்பேன். நாம் இருவரும் இதில் ஒத்துப்போக மாட்டோம் டீச்சர்.

கெடிலக்கரை எழுதியது:

பதிப்பாளரையே கேட்டேன். அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, இரண்டு விதமாகவும் அனுப்புங்கள் என்றார். அனுப்புகிறேன்.

டீச்சர், அந்தரங்கம் என்றீர்களே, அதற்காகச் சொல்கிறேன். நோட்டைப் புரட்டும்போது 54-ஆம் பக்க ஓரத்தில் சிவப்பில் சின்னதாக "இது வேண்டாமே" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். போட்டோவில் விரல் மறைத்திருந்தது. அப்பா தனக்குத்தானே "வேண்டாமே" என்று எழுதிக்கொள்வாரா? அண்ணனும் நானும் "ழ"வை ஒப்பிட்டோம். நீலத்தில் வால் உள்ளே சுருண்டு நிற்கிறது, சிவப்பில் நேராகக் கீழே இறங்குகிறது. அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் "ழ" எப்படி இருந்தது என்று அண்ணன் கேட்டார். அந்த நோட்டு எதுவும் எங்களிடம் இல்லை. வேப்பூர் பெரியம்மா வீட்டில் அம்மா எழுதிய கடிதம் இருக்கலாம்.

கை என்ற கட்டத்தில் இதுவரை "அப்பா, சிவப்பு" என்று எழுதியதையெல்லாம் வெறும் "சிவப்பு" என்று மாற்றிவிட்டேன். பெரியம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

தேங்காய்த்திட்டு தினேஷ் எழுதியது:

கடிதம் கெடைச்சா போட்டோ போடுங்க அக்கா. ஓரம் முழுசா தெரியுற மாதிரி.